மீன் செதில் தோல்: தேய்த்தால் போகாது, பூசினால் அடங்கும்



குளிர்காலம் வந்தாலே ஓபியில் ஒரு குறிப்பிட்ட கால் வரத் தொடங்கும். முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம், காய்ந்த ஏரிக்கரை மண் வெடித்த மாதிரி கட்டம் கட்டமாகக் கோடு விழுந்திருக்கும். ஓரம் லேசாகத் தூக்கிக்கொண்டு நிற்கும் செதில். கேட்டால், "சின்ன வயசுல இருந்தே இப்படித்தான் டாக்டர், எங்க அப்பாவுக்கும் இருந்துச்சு" என்பார்கள்.

இதற்குப் பெயர் இக்தியோசிஸ். கிரேக்க மொழியில் இக்திஸ் என்றால் மீன். நம் ஊரிலும் மீன் செதில் தோல் என்றுதான் சொல்கிறோம். இதில் பல வகைகள் உண்டு. இந்த இழையில் நான் பேசப்போவது மிகவும் பரவலான, பரம்பரையாக வரும் இக்தியோசிஸ் வல்காரிஸ் பற்றி. வல்காரிஸ் என்றால் லத்தீனில் சாதாரணமானது, பரவலானது என்று பொருள். ஏறத்தாழ 250 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அப்படியானால் உங்கள் தெருவிலேயே ஒருவர் இருக்கலாம். முழுக்கால் பேன்ட்டுக்குள் மறைந்திருப்பார், அவ்வளவுதான்.

சில மாதங்களுக்கு முன் வந்த ஒரு பெண்ணை வைத்தே இதைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வயது 23. ஜவுளிக்கடையில் வேலை, நாள் முழுக்க ஏசி. கூட வந்தது அம்மா. உட்கார்ந்ததுமே அம்மா கேட்ட கேள்வி, "டாக்டர், இது குஷ்டமா?"

பெண் பார்க்க வந்த வீட்டில் யாரோ காலைப் பார்த்துவிட்டு அப்படிக் கேட்டிருக்கிறார்கள். சம்பந்தம் அதோடு நின்றுவிட்டது.

முதலில் அந்தக் கேள்விக்குப் பதில். தொழுநோயில் பெரும்பாலும் தோலில் அங்கங்கே வெளிறிய அல்லது சிவந்த படை வரும், அந்த இடத்தில் உணர்ச்சி குறையும். இந்தப் பெண்ணுக்கு இரண்டு கால், இரண்டு கை, நான்கிலும் ஒரே மாதிரி. பஞ்சால் லேசாகத் தொட்டாலும் கண்ணை மூடிக்கொண்டே இடத்தைச் சரியாகக் காட்டினாள். கைக்குழந்தையாக இருந்தபோதே ஆரம்பித்தது. நரம்புகள் தடிக்கவில்லை. இது தொழுநோய் இல்லை. தொற்றுநோயும் இல்லை. தொட்டாலோ, ஒரே துண்டைப் பயன்படுத்தினாலோ யாருக்கும் ஒட்டாது.

பிறகு நான் பார்த்த மூன்று இடங்களை உங்களுக்கும் சொல்கிறேன். வீட்டிலேயே பார்க்கலாம்.

ஒன்று, முழங்கையின் உள்மடிப்பும் முழங்காலின் பின்மடிப்பும். உடம்பெல்லாம் வறண்டிருந்தாலும் அந்த மடிப்புகள் மட்டும் பளிச்சென்று வழவழப்பாக இருக்கும். அங்கே ஈரப்பதம் அதிகம், அதனால் தப்பிக்கிறது.

இரண்டு, உள்ளங்கை. எல்லோருக்கும் இருக்கும் ரேகைகளுக்கு மேல், நெருக்கமாக, ஆழமாக ஏகப்பட்ட கோடுகள். 23 வயதுப் பெண்ணின் கை 70 வயதுப் பாட்டியின் கை மாதிரி இருக்கும்.

மூன்று, மேல்கையின் வெளிப்பக்கம். இறகு பிடுங்கிய கோழித்தோல் மாதிரி சொரசொரவென்று புள்ளிகள்.

மூன்றும் இவளுக்கு இருந்தன. "அம்மா, உங்க கையைக் காட்டுங்க" என்றேன். அம்மாவின் உள்ளங்கையிலும் அதே கோடுகள். காலில் செதில் குறைவு, வறட்சி மட்டும். தாத்தாவுக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, கால் இதைவிட மோசமாக இருந்ததாம். "முதலைக் காலு"ன்னே ஊரில் கூப்பிடுவார்களாம்.

சரி, இது ஏன் வருகிறது?

நம் தோலின் மேலடுக்கு செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி. ஒவ்வொரு செங்கலும் ஒரு செத்த செல். அந்தச் செல் உருவாகும்போது அதற்குள் ஃபிலாக்ரின் என்ற புரதம் சேர்கிறது. செல் மேலே வர வர இந்தப் புரதம் சிறு துண்டுகளாக உடைந்து, தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருட்களாக மாறுகிறது. தோலுக்கென்று உடம்பே தயாரிக்கும் இயற்கையான மாய்ஸ்சரைசர் அது.

இக்தியோசிஸ் வல்காரிஸ் உள்ளவர்களுக்கு இந்த ஃபிலாக்ரினைத் தயாரிக்கும் மரபணுவில் பழுது. புரதம் குறைவாக வருகிறது, அல்லது வருவதே இல்லை. 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடித்தார்கள். அதுவரை நோய் தெரியும், காரணம் இதுதான் என்று தெரியாது.

தண்ணீர் பிடிக்க ஆள் இல்லாததால் தோல் காய்கிறது. கதை இதோடு முடிவதில்லை. நம் எல்லோருக்கும் தினமும் தோல் உதிர்கிறது. ஒவ்வொரு செல்லாக, கண்ணுக்குத் தெரியாமல். செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் இருக்கும் கட்டுகளைச் சில நொதிகள் வெட்டிவிடுவதால் இது நடக்கிறது. அந்த நொதிகள் வேலை செய்ய ஈரம் வேண்டும். ஈரம் இல்லை என்றால் கட்டு அவிழாது. ஒவ்வொன்றாக உதிர வேண்டிய செல்கள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு தகடாக நிற்கும். அதுதான் செதில்.

ஆக, செதில் என்பது அழுக்கு இல்லை. உதிர வேண்டிய நேரத்தில் உதிராத தோல். இதைப் புரிந்துகொண்டால் எதைச் செய்யக்கூடாது என்பதும் தானாகப் புரியும்.

இவள் என்னென்ன செய்திருந்தாள்?

தினமும் இரண்டு வேளை சோப்பு, பீர்க்கங்காய் நார், சில நாட்களில் கால் தேய்க்கும் கல். தேய்த்த அன்று பளபளவென்று இருக்கும். மறுநாள் எரியும், மூன்றாம் நாள் முன்பைவிட அதிகமாகச் செதில் வரும். சோப்பு இருக்கிற கொஞ்ச எண்ணெய்ப் பசையையும் கழுவிவிடும். நார் சுவரையே பெயர்த்துவிடும்.

அடுத்து, மெடிக்கலில் கேட்டு வாங்கிய க்ரீம். ட்யூபை வாங்கிப் பார்த்தேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து எல்லாம் கலந்தது. இது படைக்கும் இல்லை, செதிலுக்கும் இல்லை. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, வரி வரியாகக் கோடு விழும். ஃபிலாக்ரின் இல்லாத தோலுக்கு ஸ்டீராய்டு எதையும் கொடுப்பதில்லை. கூடவே எக்சிமா வந்து சிவந்து அரித்தால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்குப் போடலாம்.

கடைசியாக, வேறொரு இடத்தில் எழுதிக்கொடுத்த யூரியா க்ரீம். சரியான மருந்து! "அதுவும் போட்டுப் பார்த்தோம் டாக்டர், கேக்கல" என்றார் அம்மா.

"ஒரு ட்யூப் எத்தனை நாள் வந்துச்சு?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம் வந்துச்சு. விலை ஜாஸ்தி, பார்த்துப் பார்த்துப் போட்டோம்."

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள்.

ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகை வரை க்ரீமை நீளமாகப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். இதை ஒரு விரல்நுனி அளவு என்போம். இது இரண்டு உள்ளங்கை அகலமுள்ள இடத்துக்குத்தான் போதும். பெரியவர்களுக்கு ஒரு காலுக்கு 6, ஒரு பாதத்துக்கு 2, ஒரு கைக்கு 3, மணிக்கட்டுக்குக் கீழே 1. இரண்டு பக்கமும் சேர்த்தால் கால்களுக்கு 16, கைகளுக்கு 8. மொத்தம் 24 விரல்நுனி. அதாவது 12 கிராம், ஒரு வேளைக்கு.

இவள் வாங்கியது 30 கிராம் ட்யூப். 60 நாள் வந்தது என்றால் ஒரு நாளைக்கு அரை கிராம். 24 விரல்நுனி போட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு விரல்நுனி. ஒரு ஏக்கர் வயலுக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, பயிர் பிழைக்கவில்லை என்று சொல்வது மாதிரி.

"அப்போ தினமும் அரை ட்யூப் வாங்கணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. யாராலும் முடியாது. அதனால் வேலையைப் பிரித்துக்கொடுத்தேன்.

விலை குறைந்த பொருள் உடம்பு முழுக்க. விலை கூடிய மருந்து செதில் தடித்த இடத்தில் மட்டும்.

விலை குறைந்தது என்றால் வெள்ளை பாராஃபின் களிம்பு, அல்லது தேங்காய் எண்ணெய். பாராஃபின் களிம்பு இருக்கிறதா என்று அரசு மருத்துவமனை மருந்தகத்தில் கேளுங்கள். இவை தோலுக்குள் தண்ணீரைக் கொண்டுவருவதில்லை. இருக்கிற தண்ணீர் ஆவியாகாமல் மூடி வைக்கின்றன. அதனால் தோலில் ஈரம் இருக்கும்போதே பூச வேண்டும்.

யூரியா என்றதும் அந்த அம்மா கேட்டார், "வயலுக்குப் போடுற யூரியாவா டாக்டர்?"

மூலக்கூறு அதேதான். நம் தோலிலும் இயற்கையாகவே கொஞ்சம் யூரியா உண்டு, தண்ணீரைப் பிடித்து வைக்கும் பொருட்களில் அதுவும் ஒன்று. ஆனால் உர மூட்டையில் இருப்பதை எடுத்து எண்ணெயில் கரைத்துப் பூசிவிடாதீர்கள். அதில் வேப்பெண்ணெய்ப் பூச்சும் வேறு கலப்புகளும் உண்டு, மருந்துக்கான சுத்தம் கிடையாது.

யூரியாவில் சதவீதம் முக்கியம். 5 முதல் 10 சதவீதம் வரை அது தண்ணீரை இழுத்துப் பிடிக்கும். அதற்கு மேல் போகப்போக தடித்த தோலை இளக்கும். 40 சதவீதம் என்பது தடித்த நகத்துக்கும் கால் ஆணிக்கும் போடுவது, அதைக் கால் முழுக்கப் பூசக்கூடாது. ட்யூபின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள்.

லாக்டிக் அமிலம் தயிரில் இருக்கும் அதே அமிலம்தான். செல்லுக்கும் செல்லுக்கும் இடையில் அவிழாமல் நிற்கும் கட்டைத் தளர்த்துவது இதன் வேலை. ஈரத்தையும் பிடிக்கும். க்ரீம்களில் பெரும்பாலும் 5 முதல் 12 சதவீதம் வரை இருக்கும். தயிரைப் பூசினால் அந்த அளவு கிடைக்காது. இந்த அமிலம் பூசிய தோல் வெயிலில் சீக்கிரம் கருக்கும், சிவக்கும். எனவே இரவில் பூசுவது நல்லது.

இவளுக்கு எழுதிக்கொடுத்தது இதுதான்.

காலை: வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடக் குளியல். கொதிக்கும் வெந்நீர் வேண்டாம். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் மட்டும். கை, கால், முதுகுக்குத் தண்ணீர் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, மூன்று நிமிடத்துக்குள், தோல் இன்னும் நசநசவென்று இருக்கும்போதே உடம்பு முழுக்கப் பாராஃபின் அல்லது தேங்காய் எண்ணெய்.

இரவு: காலை ஈரத்துணியால் நனைத்து, அதே ஈரத்தில் 10 சதவீத யூரியாவும் லாக்டிக் அமிலமும் சேர்ந்த க்ரீம். முழங்காலுக்குக் கீழே ஒவ்வொரு காலுக்கும் 3 விரல்நுனி, முன்கையின் வெளிப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் 1. மொத்தம் 8, அதாவது 4 கிராம். முடி வளரும் திசையில் மேலிருந்து கீழாகத் தடவ வேண்டும், அழுத்தித் தேய்க்கக்கூடாது.

மாதத்துக்கு 120 கிராம். செதில் அடங்கியதும் ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் 60 கிராம். சின்ன ட்யூபைவிடப் பெரிய பாட்டிலில் வரும் லோஷன் பெரும்பாலும் மலிவாக இருக்கும். விலையைக் கிராம் கணக்கில் வகுத்துப் பார்த்து வாங்கச் சொன்னேன்.

எரிச்சல் பற்றி முன்பே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் நாளே நிறுத்திவிடுவார்கள். வெடிப்பு இருக்கும் இடத்திலும், சொறிந்து புண்ணான இடத்திலும், ஷேவ் செய்த காலிலும் இந்த க்ரீம் சுரீரென்று எரியும். வெடிப்பு ஆறும் வரை அங்கே பாராஃபின் மட்டும். ஆறிய பிறகு க்ரீமை ஆரம்பிக்கலாம். முதல் இரண்டு நாள் ஒரு சின்ன இடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் அடங்கும் லேசான குறுகுறுப்பு பரவாயில்லை. கழுவிய பிறகும் சிவந்து எரிந்துகொண்டே இருந்தால் அந்தச் சதவீதம் உங்களுக்கு அதிகம், நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

முகத்துக்கு இந்த க்ரீம் வேண்டாம். கைக்குழந்தைகளுக்கு லாக்டிக் அமிலமும் யூரியாவும் நீங்களாகப் போடாதீர்கள், வெறும் பாராஃபின் போதும். சாலிசிலிக் அமிலக் களிம்பைக் குழந்தையின் உடம்பு முழுக்கப் பூசவே கூடாது. தோல் வழியாக ரத்தத்தில் ஏறி விஷமாகும்.

இன்னொரு எச்சரிக்கை. பாராஃபினும் எண்ணெயும் ஊறிய நைட்டி, போர்வை எல்லாம் நெருப்பு பட்டால் சட்டென்று பற்றும். துவைத்தாலும் முழுதாகப் போகாது. அதை உடுத்திக்கொண்டு அடுப்பு, விளக்குப் பக்கம் கவனம்.

ஆறு வாரம் கழித்து வந்தாள். முன்காலில் தகடு போயிருந்தது. மெல்லிய வெள்ளைத் தூள் மாதிரி மட்டும் இருந்தது. உள்ளங்கைக் கோடுகள் அப்படியே இருந்தன. அவை மாறாது. "இப்போ நிறுத்திடலாமா?" என்றாள்.

நிறுத்தினால் சில நாட்களிலோ வாரங்களிலோ திரும்ப வரும். மரபணுப் பழுதை க்ரீம் சரிசெய்வதில்லை. உடம்பு தயாரிக்காத பொருளை வெளியிலிருந்து கொடுக்கிறோம், அவ்வளவே. வெயில் காலத்தில், காற்றில் ஈரம் அதிகமான நாட்களில் குறைத்துக்கொள்ளலாம். குளிரிலும் ஏசியிலும் கூட்ட வேண்டும். வயதாக ஆக பலருக்குத் தானாகவே கொஞ்சம் குறையும்.

"மாத்திரையே இல்லையா டாக்டர்?" என்று அம்மா கேட்டார். அசிட்ரெடின் என்று ஒன்று உண்டு, கடுமையான வகைகளுக்குத் தோல் மருத்துவர்கள் தருவார்கள். கருவில் இருக்கும் குழந்தைக்கு ஊனம் உண்டாக்கும். நிறுத்தி 3 வருடம் வரை கர்ப்பமாகக் கூடாது. கல்யாணம் பேசும் பெண்ணுக்கு, இந்த அளவு செதிலுக்கு, அது தேவையே இல்லை.

அப்போதுதான் அம்மா மெதுவாக விஷயத்துக்கு வந்தார். "வெளியில கொடுத்தா இப்படித்தான் குத்திக் காட்டுவாங்க. எங்க அண்ணன் மகனுக்கே கொடுத்துடலாம்னு இருக்கோம். சொந்தத்துல யாரும் குறை சொல்ல மாட்டாங்கள்ல?"

"உங்க அண்ணனுக்குக் கால் எப்படி?"

"அவருக்கும் எங்க அப்பா கால்தான்."

ஃபிலாக்ரின் மரபணு நம் எல்லோருக்கும் இரண்டு பிரதி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானால் பெரும்பாலும் லேசான செதில், சிலருக்கு வறட்சி மட்டும். இரண்டும் பழுதானால் செதில் தடிமனாக இருக்கும், எக்சிமாவும் அதிகமாக வரும். ஒரு பிரதி பழுதான பெண், பழுதில்லாத ஆணை மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் பழுதான பிரதி போகும் வாய்ப்பு இரண்டில் ஒன்று, ஆனால் ஒரு பிரதிதான். இருவருக்குமே ஒரு பிரதி பழுது என்றால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு, இரண்டுமே பழுதாக.

தாத்தாவின் பழுது அம்மா வழியாக இவளுக்கு வந்திருக்கிறது. அதே பழுது மாமா வழியாக அவர் மகனுக்கும் வந்திருக்க இரண்டில் ஒரு வாய்ப்பாவது உண்டு. குறை சொல்ல ஆள் இல்லாத வீடு என்று தேடிப்போகும் இடத்தில்தான் குழந்தைக்கு இது கடுமையாக வரும் வாய்ப்பு கூடுகிறது. வெளியில் மணந்தால் அறவே வராது என்று சொல்லவில்லை. வாய்ப்பு குறைவு. வந்தாலும் இந்த வகை உயிருக்கு ஆபத்தானது இல்லை, பார்த்துக்கொள்ளக்கூடியதுதான். முடிவு நான் எடுப்பது அல்ல, கணக்கைச் சொல்வது என் வேலை.

அடுத்த வாரம் அந்தப் பையனே வந்தான். பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினான். அதே கால். உள்ளங்கையில் அதே கோடுகள். அவனுக்கும் அதே க்ரீமை எழுதினேன்.

இதைக் கேட்டு அம்மா அமைதியாக இருந்தபோது பெண்தான் பேசினாள். "நான் அப்பவே வேணாம்னு சொன்னேன் டாக்டர். காலைக் காட்டித்தானே என் வாயை அடைச்சாங்க."

அதற்கு என்னிடம் மருந்துச் சீட்டு இல்லை. ஆனால் அம்மா அவளைத் திரும்பிப் பார்த்ததைப் பார்த்தேன்.

கடைசியாக, எல்லாச் செதிலும் இந்த வகை இல்லை. இவற்றில் ஏதாவது இருந்தால் தோல் மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்:

👉 பிறக்கும்போதே குழந்தையின் மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றிய மாதிரி படலம் இருந்தால். இது அவசரம். பச்சிளம் குழந்தைகள் பிரிவில் சேர்க்க வேண்டும்.

👉 ஆண் குழந்தைக்குக் கழுத்து, வயிறு உட்பட கருப்பான பெரிய செதில். இது தாய் வழியாக மகன்களுக்கு வரும் வேறு வகை. விதைப்பை இறங்கியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

👉 வியர்க்காமல் வெயிலில் உடம்பு கொதிக்கும் குழந்தைகள். கடுமையான வகைகளில் இப்படி ஆகும்.

👉 சின்ன வயதில் இல்லாமல் 30, 40 வயதுக்கு மேல் புதிதாக வந்த செதில். தைராய்டு குறைபாடு, சத்துக்குறைவு, எச்ஐவி, நெறிக்கட்டிப் புற்று, சில மருந்துகள் என்று உள்ளே வேறு காரணம் இருக்கலாம். தொழுநோய்க்குத் தரும் க்ளோஃபாசிமின் மாத்திரையும் இப்படிச் செதில் வரவைக்கும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்தக் கால் இருந்தால், அடுத்த முறை க்ரீம் வாங்கும்போது ட்யூபின் மேல் வாங்கிய தேதியை எழுதிவையுங்கள். 30 கிராம் ஒரு மாதம் வந்தது என்றால் மருந்து கேட்கவில்லை என்று சொல்லாதீர்கள். அளவு போதவில்லை.


அரசு மருத்துவமனைப் பொது மருத்துவர்